கரும்பு ஜூஸ் ஒரு டம்ளர்: ஐஸ் போட்டால் ஒரு பிரச்சினை, போடாவிட்டால் இன்னொன்று

"என் அப்பாவுக்கு 58 வயது. எட்டு வருடமாக சுகர். கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை காலையில் ஒன்று, இரவில் வெறும் மெட்ஃபார்மின் ஒன்று. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைச் சொல்லும் ஹெச்பிஏ1சி கடைசியாகப் பார்த்தபோது 7.6. வெயில் தொடங்கிவிட்டால் தினமும் ரோட்டோரக் கடையில் கரும்பு ஜூஸ் குடிக்கிறார். 'இது இயற்கையானது, வெள்ளைச் சர்க்கரை மாதிரி இல்லை, கிளைசீமிக் இண்டெக்ஸ் கம்மி' என்கிறார். கடை சுத்தமும் எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் குடிக்கலாமா?"

தினமும் வேண்டாம். எப்போதாவது அரை டம்ளர் என்றால், சில நிபந்தனைகளோடு குடிக்கலாம். நான் உணவியல் ஆலோசகர், சர்க்கரை நோயாளிகளோடுதான் என் வேலை. மார்ச் பிறந்தால் வாரத்துக்கு நாலு பேராவது இதே கேள்வியோடு வருவார்கள். ஒரே வார்த்தையில் 'கூடாது' என்று சொல்லி அனுப்பினால் அவர்கள் கேட்பதில்லை, வீட்டுக்குத் தெரியாமல் குடிக்கிறார்கள். அதனால் அந்த டம்ளருக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவதே எனக்கு வழக்கம்.

முதலில் அளவு. ஜூஸ் கடைகளுக்கு வருவது பெரும்பாலும் ஆலைக் கரும்பு, அதாவது சர்க்கரை ஆலைக்குப் போகிற வெளிறிய நிறக் கரும்பு. பொங்கலுக்கு வாசலில் கட்டும் செங்கரும்பு வேறு. விழுப்புரம், கள்ளக்குறிச்சி பக்கம் போனால் ஆலைக் கரும்பை வயல் வயலாகப் பார்க்கலாம். கோ 86032 போன்ற ரகங்களை கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கியதே சாற்றில் சர்க்கரை அதிகம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். ஆலைக்கு எது லாபமோ அதுதான் உங்கள் அப்பாவுக்கு நஷ்டம். நன்றாக முதிர்ந்த கரும்பின் சாற்றில் 100 மில்லிக்கு 15 முதல் 18 கிராம் வரை சர்க்கரை இருக்கும், சில சமயம் அதற்கு மேலும் போகும். வேளாண்மை படித்த நண்பர் ஒருவர் கையடக்க பிரிக்ஸ் மீட்டர் வைத்திருந்தார். ஒருநாள் சும்மா ஆர்வத்தில் மூன்று தள்ளுவண்டிகளில் ஐஸ் போடுவதற்கு முன் சாறு வாங்கிச் சொட்டு விட்டுப் பார்த்தோம். 16, 17, 19 என்று காட்டியது. கரைந்திருக்கும் பொருள் மொத்தத்தையும் அந்தக் கருவி சேர்த்துச் சொல்லும், ஆனால் கரும்புச்சாற்றில் அதில் பெரும்பகுதி சர்க்கரைதான்.

கடை டம்ளர் 250 மில்லி என்று வைத்துக்கொள்வோம். 100 மில்லிக்கு 16 கிராம் என்று குறைத்தே கணக்குப் போட்டாலும் முழு டம்ளரில் 40 கிராம். டீக்கடையில் ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டால் ஏறக்குறைய 10 கிராம் வரும். ஆக அப்பா ஒரு டம்ளர் ஜூஸ் குடிப்பது, சர்க்கரை போட்ட நாலு டீயை ஒரே மூச்சில் குடிப்பதற்குச் சமம். வீட்டில் டீயில் அரை ஸ்பூன் கூடினாலே நீங்கள் சண்டை போடுவீர்கள் என்று நினைக்கிறேன். பெரியவர்கள் ஒரு நாளைக்குச் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை, பழச்சாற்றில் இருப்பதையும் சேர்த்து, 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், முடிந்தால் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அது நோய் இல்லாதவர்களுக்கும் சேர்த்துச் சொன்னது. தினம் ஒரு டம்ளர் என்றால் மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ சர்க்கரை கணக்கில் சேர்கிறது.

இங்கே ஐஸ் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஐஸ் போட்டால் டம்ளரில் கால்பங்கை அது பிடித்துக்கொள்ளும், சாறு 190 மில்லி போலத்தான் விழும், சர்க்கரையும் 30 கிராமாகக் குறையும். அந்த ஐஸ் சுத்தமில்லை என்று நீங்கள் 'ஐஸ் வேண்டாம்' என்று சொன்னால், கடைக்காரர் நல்ல மனதோடு டம்ளர் நிறையச் சாறு ஊற்றித் தருவார். வயிற்றுக்கு நல்லது செய்யப் போய் 10 கிராம் சர்க்கரை கூடுதலாகப் போய்விடும். இதை எத்தனையோ பேர் கவனிப்பதில்லை. ஐஸ் இல்லாமல் வாங்கினால் அரை டம்ளருக்கு மேல் வாங்கக் கூடாது, அவ்வளவுதான்.

இப்போது 'இயற்கையானது' என்ற வாதம். வெள்ளைச் சர்க்கரை கரும்பிலிருந்துதான் வருகிறது. சாற்றில் இருப்பதும் அதே சுக்ரோஸ்தான். ஆலையில் தண்ணீரையும் அழுக்கையும் எடுத்துவிட்டுப் படிகமாக்குகிறார்கள், கடையில் தண்ணீரோடு தருகிறார்கள். சாற்றில் கொஞ்சம் தாது உப்புகளும் வேறு சில நல்ல பொருட்களும் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் குடலுக்குள் போன சுக்ரோஸ் தான் வந்த வழியைச் சொல்லிக்கொண்டு போவதில்லை. சிறுகுடல் சுவரில் இருக்கும் நொதி அதை இரண்டாக உடைக்கும். பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ்.

கிளைசீமிக் இண்டெக்ஸ் என்பது ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்று சொல்லும் எண். அதைப் பற்றி அப்பா சொல்வதன் வேரும் இங்கேதான் இருக்கிறது. குளுக்கோஸ் பாதி நேரே ரத்தத்துக்கு வருகிறது, மீட்டரில் தெரிகிறது. ஃப்ரக்டோஸ் பாதியில் பெரும்பங்கு கல்லீரலுக்குப் போகிறது, மீட்டரில் அவ்வளவாகத் தெரிவதில்லை. அதனால் எந்தச் சுக்ரோஸ் பானத்துக்கும் இண்டெக்ஸ் வெறும் குளுக்கோஸைவிடக் குறைவாகத்தான் வரும். குளுக்கோஸுக்கு 100 என்று வைத்தால், சாதாரண வெள்ளைச் சர்க்கரைக்கே அது 65 போலத்தான். கரும்புச்சாற்றுக்கு 43 என்று ஓர் எண் ஊர் முழுக்கச் சுற்றுகிறது. அந்த எண்ணை அப்படியே ஒப்புக்கொண்டாலும் கணக்கு அப்பாவுக்குச் சாதகமாக வராது. இண்டெக்ஸ் என்பது வேகத்தை மட்டும் சொல்கிறது, எவ்வளவு குடித்தோம் என்பதைச் சொல்வதில்லை. அளவையும் சேர்த்துச் சொல்வது கிளைசீமிக் லோடு. இண்டெக்ஸை சர்க்கரைக் கிராமால் பெருக்கி நூறால் வகுக்க வேண்டும். 43-ஐ 40-ஆல் பெருக்கி நூறால் வகுத்தால் 17. வெள்ளைச் சர்க்கரையின் 65-ஐ வைத்தால் 26. பத்து வரை குறைவு, இருபதுக்கு மேல் அதிகம் என்பது வழக்கமான அளவுகோல். ஆக நல்லபடியாகப் பார்த்தால் நடுத்தரத்தின் மேல் விளிம்பு, இல்லையென்றால் நேராகவே அதிகம். அப்புறம் கல்லீரலுக்குப் போன ஃப்ரக்டோஸ் காணாமல் போய்விடுவதும் இல்லை. தினமும் அதிகமாகப் போனால் அங்கே கொழுப்பாக மாறுகிறது, ரத்தத்தில் டிரைகிளிசரைடு ஏறுகிறது. சர்க்கரை நோயாளிகள் பலருக்குக் கொழுப்புக் கல்லீரல் ஏற்கெனவே இருக்கும்.

சரி, உடம்பில் நடப்பதை ஒரு ஆளை வைத்துச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர், 61 வயது, உங்கள் அப்பாவைப் போலவே மாத்திரை. 'ஜூஸ் குடித்த பிறகு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தேன் மேடம், 190-தான் இருந்தது, பரவாயில்லையே' என்றார். எந்த நேரத்தில் பார்த்தார் என்பதில்தான் விஷயம். இட்லி சாம்பார் மெதுவாகச் செரிக்கும். மாவு, பருப்பு, எண்ணெய் எல்லாம் சேர்ந்து வயிற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ஜூஸ் தண்ணீர் மாதிரி இறங்கிவிடும், உச்சம் அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் வந்து போய்விடும். இரண்டாவது மணி நேரத்தில் பார்ப்பது, பஸ் போன பிறகு ஸ்டாப்பில் நிற்பது போலத்தான் என்று அவர் பாணியிலேயே சொன்னேன். சிரித்துவிட்டு, அடுத்த வாரம் ஒழுங்காகப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தார். காலை 11 மணி, ஜூஸுக்கு முன் 148. அரை மணியில் 226. ஒரு மணியில் 263. இரண்டு மணியில் 197. சாப்பிட்ட பிறகு உச்சம் 180-க்குள் இருக்கட்டும் என்றுதான் பெரும்பாலானவர்களுக்கு இலக்கு வைக்கிறோம். அவர் பார்த்த 190 பொய்யில்லை, ஆனால் அதற்கு முந்தைய 263 அவர் கண்ணில் படவே இல்லை.

ரத்தம் முழுவதிலும் சேர்த்து ஒரு நேரத்தில் இருக்கும் குளுக்கோஸ் ஏறக்குறைய ஒரு டீஸ்பூன், நாலைந்து கிராம்தான். அந்த இடத்துக்குள் ஒரு டம்ளர் ஜூஸ் இருபது கிராம் குளுக்கோஸைக் கொண்டுவந்து கொட்டுகிறது. சர்க்கரை நோய் இல்லாதவருக்கு கணையம் நிமிடங்களில் இன்சுலினை விட்டு அதைச் சமாளித்துவிடும். எட்டு வருட சுகர் இருப்பவருக்கு அந்த முதல் பாய்ச்சல்தான் பழுதாகியிருக்கும். மெட்ஃபார்மின் இதைத் தடுக்கும் மாத்திரை இல்லை, அது முக்கியமாகக் கல்லீரல் தானாக வெளியிடும் குளுக்கோஸைக் குறைக்கிறது. காலையில் போட்ட கிளிமிபிரைடு கணையத்தைக் கொஞ்சம் உசுப்பும், ஆனால் நாற்பது கிராமுக்கு ஈடு கொடுக்காது.

மாத்திரை என்றதும் நினைவுக்கு வருகிறது. இதை ஜூஸ் குடிக்காதவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். கிளிமிபிரைடு போடுகிறவர்களுக்கு சில சமயம் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, பசி. அப்போது 15 கிராம் சர்க்கரை கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஐஸ் போடாத கரும்புச்சாறு 100 மில்லியில் அந்த 15 கிராம் இருக்கிறது. ஆகவே பக்கத்தில் வேறெதுவும் இல்லாமல் கடை மட்டும் இருந்தால் அந்த நேரத்தில் அது மருந்துதான். ஆனால் அப்பாவின் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மூன்று மருந்து சேர்ந்த மாத்திரைகள் நம் ஊரில் நிறைய எழுதப்படுகின்றன, மூன்றாவது பெயர் பல சமயம் வோக்ளிபோஸ் என்று இருக்கும். சிலருக்கு அகார்போஸ். இவை செய்யும் வேலையே, சுக்ரோஸை உடைக்கும் அந்தக் குடல் நொதியைத் தடுப்பதுதான். அதைப் போட்டவருக்குச் சர்க்கரை இறங்கும்போது கரும்பு ஜூஸோ சீனித் தண்ணீரோ கொடுத்தால் உடையாமல் கிடக்கும், ஏறுவதற்குத் தாமதமாகும். அவர்களுக்கு நேரடி குளுக்கோஸ் பவுடர்தான் தர வேண்டும், தண்ணீரில் 15 கிராம். சட்டைப் பையில் ஒரு சின்னப் பொட்டலம் இருக்கட்டும்.

'அப்படியென்றால் வோக்ளிபோஸ் போட்டுக்கொண்டு ஜூஸ் குடித்தால் ஏறாதே' என்று ஒருவர் கேட்டார். புத்திசாலித்தனமான கேள்விதான். ஏற்றம் கொஞ்சம் மட்டுப்படும். உடையாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய் அங்கே நொதிக்கும், வயிறு உப்பும், வாயு பிரியும், சிலருக்கு வயிற்றுப்போக்கும் ஆகும். அவர் மறுபடி வந்தபோது முயற்சி செய்தாரா என்று நான் கேட்கவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

இனி சுத்தம். வெளியே தெரிவது ஈ, பார்த்ததும் அருவருப்பாக இருக்கும். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய பயம் ஐஸ்தான். கோணிப்பையில் சுற்றி வரும் அந்தப் பெரிய பாளம் பல இடங்களில் குடிநீரில் செய்தது இல்லை, மீனையும் காய்கறியையும் கெடாமல் வைப்பதற்காகச் செய்தது. இரண்டையும் கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது என்பதால்தான், உணவில் சேர்க்கக் கூடாத ஐஸில் லேசாக நீல நிறம் கலக்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் உத்தரவிட்டது. கடையில் நீல ஐஸைப் பார்த்தால் நகர்ந்துவிடுங்கள். வெள்ளையாக இருந்தால் மட்டும் நல்லது என்று நம்பிவிடவும் முடியாது. உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தூங்குகிறது, அவ்வளவுதான். ஜூஸில் கரைந்ததும் எழுந்துவிடும்.

அடுத்தது இயந்திரம். உருளைகளின் இடுக்கில் சக்கையும் சாறும் ஒட்டிக்கொள்ளும். இரவு முழுக்க அது அங்கேயே கிடந்து புளிக்கும். காலையில் கழுவாமல் ஓட்டினால், முதல் டம்ளர்தான் உருளைகளைக் கழுவுகிறது. நேற்றைய அழுக்கை இன்றைய முதல் வாடிக்கையாளர் குடிக்கிறார். அதனால் காலையில் கடை திறந்ததும் போய் நிற்பது நல்லதென்று நினைக்காதீர்கள். கூட்டம் இருக்கும் நேரத்தில், தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில் வாங்குவது மேல். உருளையின் ஓரங்களில் கறுப்பாகக் கிரீஸ் வழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சாறு விழும் பாத்திரத்தின் மேலிருக்கும் வடிகட்டித் துணி எத்தனை நாளாக அங்கே இருக்கிறது என்பதை அதன் நிறமே சொல்லும். டம்ளர்கள் ஒரே வாளித் தண்ணீரில் நாற்பது முறை முக்கி எடுக்கப்படுகின்றன. காகித டம்ளர் கேட்டு வாங்கலாம்.

கரும்பு வயலிலிருந்து மண்ணோடு வருகிறது, கணுவில் மண் அடைந்திருக்கும். தோலைச் சீவிக் கழுவிப் போடுகிற கடையும் உண்டு, அப்படியே நுழைக்கிற கடையும் உண்டு. கரும்பில் எது ஒட்டியிருந்தாலும் அதுவும் சேர்ந்தே நசுங்கும் என்பதற்குக் கொடுமையான உதாரணம் பிரேசிலில் நடந்தது. 2005-ல் அங்கே சாண்டா கத்தரினா மாநிலத்தில் நெடுஞ்சாலையோரக் கரும்புச்சாறு குடித்தவர்களுக்கு சாகஸ் என்ற நோய் வந்தது, மூன்று பேர் இறந்தார்கள். அந்த நோய்க்கிருமியைச் சுமக்கும் ஒருவகைப் பூச்சி கரும்போடு சேர்ந்து அரைபட்டிருந்தது. அந்த நோய் தென் அமெரிக்கப் பக்கத்தது, நம் ஊரில் அதற்குப் பயப்படத் தேவையில்லை. இங்கே நாம் பயப்பட வேண்டியது டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, ஈ, சாதாரண வயிற்றுப்போக்கு ஆகியவற்றுக்கு.

வெட்டி நாள்பட்ட கரும்பைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. வெட்டிய முனை சிவந்திருக்கும், அல்லது உள்ளே சிவப்புக் கோடுகளும் நடுநடுவே வெள்ளைத் திட்டுகளும் தெரியும், முகர்ந்தால் புளித்த வாடை வரும். செவ்வழுகல் நோய் வந்த கரும்பும் அப்படித்தான் இருக்கும். புதுச்சாறு பச்சை கலந்த வைக்கோல் நிறம். நேரமாக ஆகப் பழுப்பாகும். அது ஆப்பிள் வெட்டினால் கறுப்பதைப் போன்ற மாற்றம், அதுவே விஷம் இல்லை, ஆனால் சாறு பிழிந்து நேரமாகிவிட்டது என்பதற்கு அடையாளம். முன்பே பிழிந்து பாத்திரத்தில் வைத்திருந்ததை ஊற்றித் தந்தால் வாங்காதீர்கள். வாயில் வைத்ததும் வழவழவென்று நூல் போல இழுத்தாலோ, லேசாகப் பொங்கினாலோ துப்பிவிடலாம். எலுமிச்சையும் இஞ்சியும் சேர்த்துப் பிழிவது ருசிக்கு நல்லது, நிறம் மாறுவதையும் தள்ளிப்போடும். ஐஸில் வந்த கிருமியை அது கொல்லும் என்று எண்ண வேண்டாம்.

'இத்தனை வருடமாகக் குடிக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆனதில்லை' என்று அப்பா சொல்வார். வயிற்றுப்போக்கு அன்றிரவே வந்தால் கடைமேல் சந்தேகம் வரும். டைபாய்டு ஒன்று அல்லது இரண்டு வாரம் கழித்து வரும். ஹெபடைடிஸ் ஏ ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து வரும். அப்போது யாருக்கும் அந்த டம்ளர் நினைவில் இருக்காது, 'வெயில் ஒத்துக்கலை' என்பார்கள். இதில் இன்னொரு வேடிக்கை, மஞ்சள் காமாலை வந்தவருக்குக் கரும்பு ஜூஸ்தான் மருந்து என்று நம் ஊரில் ரோட்டோரக் கடைக்கு அழைத்துப் போகிறார்கள். காமாலையைக் கொண்டுவந்ததே அப்படி ஒரு டம்ளராக இருந்திருக்கலாம்.

சுத்தத்தைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம், சர்க்கரை நோயாளிக்கு வயிற்றுப்போக்கு மற்றவர்களுக்குப் போல இரண்டு நாள் தொல்லையோடு முடிவதில்லை. சாப்பிட முடியாமல் வாந்தியெடுக்கும்போது கிளிமிபிரைடு உள்ளே இருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும். இன்னொரு பக்கம், தொற்று சர்க்கரையை ஏற்றிவிடவும் செய்யும், எந்தப் பக்கம் போகும் என்று மீட்டர் இல்லாமல் சொல்ல முடியாது. உடம்பில் நீர் வற்றினால் சிறுநீரகம் தடுமாறும், அந்த நேரத்தில் மெட்ஃபார்மின் ஆபத்தாகலாம். டாபாகிளிஃப்ளோசின் போன்ற, சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரை போடுகிறவர்களுக்கு, மீட்டரில் எண் பெரிதாக இல்லாதபோதும் ரத்தத்தில் அமிலம் ஏறும் அபாயம் உண்டு. ஆகவே வாந்தி, பேதி என்று ஆரம்பித்தாலே அன்றே மருத்துவருக்குப் போன் செய்து, எந்த மாத்திரையை நிறுத்தி வைப்பது, எதைத் தொடர்வது என்று கேட்டுவிடுங்கள். நீங்களாக எல்லாவற்றையும் நிறுத்தவும் வேண்டாம், எல்லாவற்றையும் போடவும் வேண்டாம். இந்தக் கேள்வியை நோய் வருவதற்கு முன்பே, அடுத்த முறை பார்க்கப் போகும்போது கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

அப்பாவுக்கு என்ன செய்யலாம்? ஹெச்பிஏ1சி 7.6 மோசமான எண் இல்லை, ஆனால் தாராளம் காட்டும் எண்ணும் இல்லை. தினசரி ஜூஸை முதலில் நிறுத்துங்கள், வெயிலுக்கு உப்புப் போட்ட மோர் இருக்கிறது, சர்க்கரை போடாத எலுமிச்சை ஜூஸ் இருக்கிறது. சிறுநீரகப் பிரச்சினை இல்லையென்றால் எப்போதாவது வழுக்கை அதிகம் இல்லாத இளநீர் ஒன்று குடிக்கலாம், அதிலும் சர்க்கரை உண்டு, ஆனால் கரும்புச்சாற்றைவிட மிகக் குறைவு. மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு முறை ஆசைக்குக் கரும்பு ஜூஸ் என்றால், ஐஸ் இல்லாமல், 100 மில்லி, கண்முன்னே பிழிந்தது. வெறும் வயிற்றில் வேண்டாம், மதியச் சாப்பாட்டோடு சேர்த்து, சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்துக்கொண்டு குடிக்கட்டும். குடித்த பிறகு கால் மணி நேரம் நடந்தால் உச்சம் கொஞ்சம் தணியும். அன்று காலை மீட்டரில் ஏற்கெனவே 180-க்கு மேல் இருந்தால் அந்த மாதத்து ஜூஸ் வேறொரு நாளைக்கு. காலில் ஆறாத புண் இருப்பவர்கள், காய்ச்சல் அல்லது தொற்று இருப்பவர்கள், ஹெச்பிஏ1சி எட்டைத் தாண்டியவர்கள், கர்ப்பகால சர்க்கரை இருப்பவர்கள் ஆகியோருக்கு இந்தச் சலுகையை நான் தருவதில்லை.

கரும்பைக் கடித்துத் தின்றால் நார்ச்சத்து கிடைக்கும், அதனால் பரவாயில்லை என்றும் சொல்வார்கள். அந்த நாரைத்தான் சக்கையென்று துப்பிவிடுகிறோமே. கடிப்பதில் உள்ள நன்மை வேறு. தாடை வலிக்கும், மெதுவாகத்தான் சாறு இறங்கும், ஒரு டம்ளர் அளவு சாறு உள்ளே போவதற்குள் சலித்துவிடும். பொங்கலன்று ஒரு சாண் துண்டு தின்பதற்கு நான் யாரையும் தடுத்ததில்லை. பல் ஆடுகிறவர்கள் மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் சொன்ன பிறகும் அப்பா நம்பவில்லை என்றால் வாதாட வேண்டாம், மீட்டரை அவர் கையிலேயே கொடுங்கள். ஒருநாள் குடிப்பதற்கு முன், அரை மணியில், ஒரு மணியில், இரண்டு மணியில் என நாலு தடவை பார்த்து எழுதட்டும். ஒரே ஒரு எச்சரிக்கை. நம் கண்டக்டர் இப்படி நாலு தடவை பார்த்து எழுத முயன்ற முதல் நாளில் ஒரு மணி நேர எண் 412 என்று வந்து, வீட்டில் எல்லோரும் அழுதுவிட்டார்கள். டம்ளரைப் பிடித்த கையின் பிசுபிசுப்போடு அதே விரலைக் குத்தியிருக்கிறார். விரலில் காய்ந்திருந்த கரும்புச்சாறு ரத்தச் சொட்டோடு கலந்துவிட்டது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் மட்டும் அது முழுதாகப் போகாது. சோப்புப் போட்டு, தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுக் குத்த வேண்டும். கழுவிவிட்டுப் பத்தாவது நிமிடம் பார்த்தபோது அவருக்கு 251.